ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஃபைப்ராய்ட்: 6.8 சென்டிமீட்டரா, 1.9 சென்டிமீட்டரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்து ஊர் ஒன்றின் வைத்தியசாலையில் பெண் நோயியல் கிளினிக்கில் இருக்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டை கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டு வருபவர்கள் கேட்பதுதான் கீழே உள்ள கேள்விகள். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்காவின் ரிப்போர்ட்டை இந்தப் பக்கம் முழுக்க உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றிவிட்டேன்.

ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ்ல இருக்கு. இதில முதல்ல எதைப் பார்க்கணும்?

அக்காவுக்கு வயது 42, மூன்று பிள்ளைகள். ஒன்பது நாள் போகும் மாதவிடாய், அதில் நான்கு நாள் ஆறாய் ஓடும். முதலில் வெளியே ஓரிடத்தில் வயிற்றின் மேல் மட்டும் ஸ்கேன் செய்திருந்தார். அந்த ரிப்போர்ட்டில் கட்டியைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: கர்ப்பப்பையில் ஃபைப்ராய்ட், 6.8 சென்டிமீட்டர். எந்தச் சுவரில், எந்த அடுக்கில், உள்பக்கமா வெளிப்பக்கமா என்று ஒரு சொல் இல்லை.

எங்களிடம் வந்த பிறகு திரும்பவும் ஸ்கேன் செய்தோம். அந்த ரிப்போர்ட்டைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: கர்ப்பப்பை முன்பக்கம் சாய்ந்திருக்கிறது, அளவு 11.2 × 7.5 × 6.9 சென்டிமீட்டர். மேல் நுனியில் வெளிப்பக்கமாகப் புடைத்த ஃபைப்ராய்ட் ஒன்று, 6.8 × 6.1 × 5.9 சென்டிமீட்டர், வகை 6. பின்சுவரில் உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபைப்ராய்ட் ஒன்று, 1.9 × 1.8 × 1.7 சென்டிமீட்டர், வகை 1. உட்சவ்வு 9 மில்லிமீட்டர். சூலகங்கள் இரண்டும் சாதாரணம்.

எல்லாருடைய கண்ணும் பெரிய இலக்கத்துக்குத்தான் போகும். அதிக இரத்தப்போக்குக்காக வந்தவர் முதலில் தேட வேண்டியது சப்மியூகோசல், இன்ட்ராமியூரல், சப்சீரோசல் என்ற மூன்று சொற்களில் எது எழுதியிருக்கிறது என்பதை. சில ரிப்போர்ட்டில் அதற்குப் பதிலாக ஃபிகோ வகை என்று 0 முதல் 8 வரை ஒரு இலக்கம் இருக்கும். சென்டிமீட்டரை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மூணு சொல்லும் என்ன?

லயத்துக் காம்பராவை நினைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பப்பைக்குத் தடித்த தசைச் சுவர் இருக்கிறது. அதன் உள்பக்கம் பூசியதுபோல ஒரு மெல்லிய சவ்வு. மாதம்தோறும் கழன்று வருவது அதுதான். வெளிப்பக்கத்தில் இன்னொரு மெல்லிய உறை. ஃபைப்ராய்ட் என்பது அந்தச் சுவரின் தசையிலேயே உருண்டு திரளும் கட்டி.

அது காம்பராவின் உள்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தால் சப்மியூகோசல். சுவருக்குள்ளேயே புதைந்து நின்றால் இன்ட்ராமியூரல். வெளியே வாசல் பக்கம் புடைத்தால் சப்சீரோசல்.

இலக்கங்களும் அதே வரிசையில் உள்ளிருந்து வெளியே போகின்றன. வகை 0 என்றால் ஒரு காம்பில் தொங்கிக்கொண்டு முழுவதும் குழிக்குள் இருக்கிறது. வகை 1 என்றால் பாதிக்கு மேல் குழிக்குள், கொஞ்சம் சுவருக்குள். வகை 2 என்றால் பாதி அல்லது அதற்கு மேல் சுவருக்குள், மீதி குழிக்குள். வகை 3 முழுக்கச் சுவருக்குள் இருந்தாலும் உட்சவ்வைத் தொட்டுக்கொண்டிருக்கும். 4 இரண்டு பக்கமும் தொடாமல் சுவர் நடுவில். 5, 6, 7 படிப்படியாக வெளியே. 7 என்றால் வெளிப்பக்கம் காம்பில் தொங்குகிறது. கர்ப்பப்பைக் கழுத்து போன்ற வேறு இடத்தில் இருப்பது 8. சிலவேளை 2-5 என்று கோடு போட்டு எழுதியிருப்பார்கள். உள்பக்கமும் வெளிப்பக்கமும் எட்டும் பெரிய கட்டி என்று அர்த்தம்.

6.8 கட்டியை விட்டுட்டு ஏன் அந்தச் சின்னதைப் பிடிச்சுக்கிறீங்க?

அக்காவும் இதைத்தான் கேட்டார், கொஞ்சம் கோபமாகவே. "பெருசை எடுங்க, சின்னது கிடந்துட்டுப் போகுது" என்றார்.

மாதவிடாயில் இரத்தம் வருவது உட்சவ்வு கழன்ற இடத்திலிருந்து. அந்த இரத்தத்தை நிறுத்துவதற்கு உடம்பு இரண்டு வேலை செய்கிறது. சவ்வில் திறந்து கிடக்கும் சின்ன நாளங்கள் சுருங்கி, அங்கே இரத்தம் உறைந்து அடைக்கிறது. அதோடு சுற்றியுள்ள தசை இறுகிப் பிழிகிறது. குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கட்டி இந்த இரண்டையும் கெடுக்கும். அதன் மேல் போர்த்திய சவ்வு மெலிந்து இழுபட்டுப் போகிறது, அடியில் உள்ள நாளங்கள் நசுங்கிப் பின்னால் வீங்குகின்றன, கட்டி நடுவில் நிற்பதால் தசையால் ஒழுங்காக இறுக முடிவதில்லை. கழன்று விழும் சவ்வின் பரப்பும் கூடுகிறது. கட்டியிலிருந்து ஊறும் சில வேதிப்பொருட்கள் இரத்தம் உறைவதையும் தாமதப்படுத்துகின்றன. இதற்கெல்லாம் 1.9 சென்டிமீட்டர் தாராளமாகப் போதும்.

வெளியே புடைத்த 6.8 சென்டிமீட்டர் கட்டி உட்சவ்வுக்குப் பக்கத்திலேயே வருவதில்லை. அது வேறு தொல்லை தரலாம். அடிக்கடி சிறுநீர் போக வேண்டும்போல இருக்கும், அடிவயிறு கனக்கும், மலச்சிக்கல் வரும். அக்காவுக்கு அப்படி எதுவுமே இல்லை. படுத்துத் தடவினால் கைக்குக் கல்லுப்போலப் படும், அவ்வளவுதான்.

இன்ட்ராமியூரல் கட்டிகள் இந்த இரண்டுக்கும் நடுவில். அங்கேதான் அளவும் கணக்கில் வருகிறது. 2 சென்டிமீட்டர் கட்டி சுவருக்குள் சும்மா கிடக்கலாம். 6 சென்டிமீட்டர் ஆனால் குழியை இழுத்துப் பெரிதாக்கி, இரத்தப்போக்கைக் கூட்டலாம். ரிப்போர்ட்டில் உட்குழி நெளிந்திருக்கிறது, தள்ளப்பட்டிருக்கிறது என்று எழுதியிருந்தால் அந்த வரிக்கு அடியில் கோடு போடுங்கள்.

மூணு இலக்கம் ஏன் போடுறாங்க? போன தடவை 4.1, இந்தத் தடவை 4.5. வளர்ந்துடுச்சா?

நீளம், அகலம், முன்பின் ஆழம் என்று மூன்று பக்கமும் அளக்கிறார்கள். கட்டி நல்ல உருண்டையாக இருப்பது குறைவு. உருளைக்கிழங்குபோல ஒரு பக்கம் நீண்டிருந்தால் ஒற்றை இலக்கம் ஏமாற்றிவிடும்.

4.1-க்கும் 4.5-க்கும் நடுவில் உள்ள 4 மில்லிமீட்டரை வளர்ச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு கை, வேறு மெஷின், வேறு கோணம், இதிலேயே அவ்வளவு வித்தியாசம் வந்துவிடும். முடிந்தால் ஒரே இடத்தில், ஒரே முறையில் திரும்பச் செய்து பாருங்கள். பழைய ரிப்போர்ட்டையும் கையில் கொண்டுபோங்கள். மறுபக்கம், 4 சென்டிமீட்டர் உண்மையிலேயே 5 ஆகியிருந்தால் அது சின்ன விஷயம் இல்லை. மூன்று பக்கமும் 4 சென்டிமீட்டர் 5 ஆகும்போது கட்டியின் பருமன் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது.

சில டொக்டர்மார் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு "14 வாரக் கர்ப்பப்பை" என்று எழுதுவார்கள். அதைப் பார்த்துப் பயந்துபோய் "நான் கர்ப்பமா?" என்று கேட்டவர்கள் உண்டு. கர்ப்பம் இல்லை, 14 வாரக் கர்ப்பத்தில் எவ்வளவு பெரிதாக இருக்குமோ அவ்வளவு பெரிது என்று மட்டும்தான் அர்த்தம். 12 வாரம் என்றால் அடிவயிற்று எலும்புக்குச் சற்று மேலே தட்டுப்படும், 20 வாரம் என்றால் தொப்புள் வரை வரும்.

தண்ணி குடிச்சு மூத்திரத்தை அடக்கிட்டு வரச் சொல்றாங்க. பஸ்ஸில ரெண்டு மணித்தியாலம் எப்படி?

முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம். மலைப்பாதை வளைவுகளில் நிறைந்த சிறுநீர்ப்பையோடு வருவது தண்டனை. வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்த பிறகு மூன்று நான்கு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு மணித்தியாலம் இருந்தால் போதும். நிறைந்த சிறுநீர்ப்பை குடலை ஒதுக்கிவிட்டு, கர்ப்பப்பையைப் பார்க்க ஒரு ஜன்னல்போல உதவுகிறது. அதற்காகத்தான் அந்தப் பாடு.

உள்வழியாகச் செய்யும் ஸ்கேனுக்கு இது நேர் எதிர்: சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும். மெல்லிய கருவி கர்ப்பப்பைக்கு மிக அருகில் போவதால் உட்சவ்வும் அதைத் தொடும் சின்னக் கட்டிகளும் துலக்கமாகத் தெரியும். அக்காவின் 1.9 சென்டிமீட்டர் கட்டி முதல் ஸ்கேனில் தப்பி, எங்கள் ஸ்கேனில் அகப்பட்டதற்கு இதுதான் காரணம். வயிற்றின் மேலிருந்து பார்க்கும்போது பெரிய கட்டியின் நிழல் பின்னால் இருப்பதை மறைத்துவிட்டது. மறுபக்கம், தொப்புள் வரை எட்டும் பெரிய கட்டியை உள்வழிக் கருவியால் முழுதாகப் பார்க்க முடியாது. அதனால் இரண்டும் தேவைப்படுவது வழக்கம்.

கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு வயிற்றின் மேல் மட்டும்தான் செய்வோம். யாராக இருந்தாலும் உள்வழி ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் "ஃபைப்ராய்ட் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் இரத்தம் நிற்கவில்லை" என்ற நிலையில் அந்த ஸ்கேன் இல்லாமல் காரணத்தைப் பிடிப்பது கஷ்டம்.

ஸ்கேன்ல தெரியாமப் போறதும் உண்டா?

உண்டு. அடிக்கடி குழப்புவது அடினோமையோசிஸ். உட்சவ்வின் திசு தசைச் சுவருக்குள் புகுந்து சுவரே தடித்துப்போகும் நிலை அது. இதுவும் அதிக இரத்தத்தையும் வலியையும் தரும், சிலவேளை ரிப்போர்ட்டில் ஃபைப்ராய்ட் என்று பெயர் வாங்கிவிடும். ஃபைப்ராய்டுக்கு விளிம்பு தெளிவாக இருக்கும், இரத்த நாளங்கள் அதைச் சுற்றி வேலிபோல ஓடும். அடினோமையோசிஸுக்கு வரம்பு இருக்காது, நாளங்கள் நடுவாலேயே ஊடுருவிப் போகும். ஃபைப்ராய்டை மட்டும் கிள்ளி எடுப்பதுபோல இதை எடுக்க முடியாது. அதனால் ஒப்பரேஷன் பற்றிப் பேசும் முன் இது தெளிவாக வேண்டும்.

உட்குழிக்குள் தெரிவது ஃபைப்ராய்டா, சவ்வில் வளர்ந்த பொலிப்பா என்று சந்தேகம் வந்தால், மெல்லிய குழாயால் கொஞ்சம் உப்புநீரைக் குழிக்குள் விட்டுக்கொண்டே ஸ்கேன் செய்வார்கள். நீர் குழியை விரிப்பதால் உள்ளே தொங்குவதும், அது எவ்வளவு தூரம் சுவருக்குள் வேர்விட்டிருக்கிறது என்பதும் தெரியும். வகை 1-ஐயும் 2-ஐயும் பிரிக்க இது நன்றாக உதவும். மாதவிடாய் நின்ற அடுத்த சில நாட்களுக்குள் செய்வது வழக்கம்.

எனக்குப் போறது அதிகமா இல்லையான்னு எப்படித் தெரியும்? எங்க வீட்ல எல்லாருக்கும் இப்படித்தான்.

உங்கள் அம்மாவுக்கும் அக்காவுக்கும் அப்படித்தான் என்பது காரணத்தைச் சொல்லலாம், சரி என்று ஆக்காது. ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைந்து மாற்ற வேண்டியிருந்தால், ஐந்து ரூபாய்க் குத்தியைவிடப் பெரிய இரத்தக்கட்டிகள் விழுந்தால், ஏழு நாளுக்கு மேல் போனால், இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருந்தால், அது அதிகம்.

அக்காவிடம் பேட் கணக்குக் கேட்டபோது பதில் சரியாக வரவில்லை. மலையில் நிற்கும்போது மாற்றுவதற்கு இடம் ஏது? காலையில் இரண்டு துணியை மடித்து வைத்தால் மத்தியானம் லயத்துக்கு வரும் வரை அதுதான். அதனால் வேறு விதமாகக் கேட்டேன்: மாதத்தில் எத்தனை நாள் பேர், அதாவது நாள் சம்பளம், விழவில்லை? அரைப் பேரோடு இறங்கிய நாள் எத்தனை? உடனே பதில் வந்தது: மூன்று நாள் போகவே இல்லை, இரண்டு நாள் அரைப் பேர். எனக்கு அதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டியிருக்கவில்லை.

ஆறு மாசமா இரும்பு மாத்திரை குடிக்கிறேன். ரத்தம் ஏறவே இல்லை. ஏன்?

அக்காவின் ஹீமோகுளோபின் 7.4 கிராம். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால் இரத்தச்சோகை, 8-க்குக் கீழே கடுமையானது. இன்னொன்று: உயரமான இடத்தில் காற்றில் ஒட்சிசன் அழுத்தம் குறைவாக இருப்பதால் அங்கே வாழ்பவர்களின் உடம்பு ஹீமோகுளோபினை இயல்பாகவே கொஞ்சம் கூட்டி வைத்திருக்கும். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் இருப்பவருக்கு எல்லையை ஏறத்தாழ 1 கிராம் கூட்டிப் பார்க்க வேண்டும். கடற்கரையில் 12 என்பது சரியென்றால் இங்கே அது சற்றுக் குறைவு.

மாத்திரை வேலை செய்யாததற்கு அக்காவிடம் இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, மாதம்தோறும் சேர்வதைவிட அதிகமாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றினால் எங்கே நிறையும்? இரண்டாவது, மாத்திரையை அவர் காலைப் பிளேன்டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தார். தேயிலையில் உள்ள டானின் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிறது. நாள் முழுக்கத் தேயிலையோடு வேலை செய்பவர்களிடம் தேத்தண்ணியை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் குறைந்தது ஒரு மணித்தியாலம், முடிந்தால் இரண்டு, விடுங்கள். மாத்திரையைத் தண்ணீரோடு அல்லது தேசிக்காய்த் தண்ணீரோடு குடியுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

அப்போ சிகிச்சையும் இடத்தைப் பொறுத்தா மாறும்?

பெருமளவுக்கு ஆமாம். இரத்தம் போகும் நாட்களில் மட்டும் குடிக்கும் ட்ரனெக்ஸாமிக் அசிட் மாத்திரை எந்த இடத்துக் கட்டிக்கும் தற்காலிகமாக உதவலாம். கால் இரத்த நாளத்திலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்த வரலாறு இருப்பவர்கள் முதலில் அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். ஹோர்மோன் சுரக்கும் லூப் கர்ப்பப்பைக் குழிக்குள் வைப்பது. அதிக இரத்தத்துக்கு நல்ல மருந்து. ஆனால் குழிக்குள் கட்டி நீட்டிக்கொண்டிருந்தால் லூப் நிலைக்காமல் வெளியே வந்துவிடும் வாய்ப்புக் கூட. அதனால்தான் லூப் போடும் முன் கட்டி எந்த வகை என்று கேட்கிறோம்.

வகை 0, 1, சில வகை 2 கட்டிகளை வயிற்றைக் கீறாமலேயே, கர்ப்பப்பை வாய் வழியாக ஒரு கெமராக் கருவியை விட்டுச் சீவி எடுக்கலாம். இதை ஹிஸ்டரோஸ்கொபி என்பார்கள். 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் வேலை சுலபம். வகை 2 சுவருக்குள் ஆழமாக இருப்பதால் சிலவேளை இரண்டு தடவையில் எடுக்க வேண்டி வரும். கட்டிக்கும் கர்ப்பப்பையின் வெளி உறைக்கும் நடுவில் எவ்வளவு தசை மீதி இருக்கிறது என்பதையும் ஸ்கேன் சொல்ல வேண்டும், ஓட்டை விழாமல் இருப்பதற்காக. இந்த வசதி எல்லா வைத்தியசாலையிலும் இல்லை. கண்டிப் பக்கம் அனுப்ப வேண்டி வரலாம்.

சுவருக்குள் இருக்கும் பெரிய கட்டிகளுக்கு வயிறு வழியாகக் கட்டியை மட்டும் எடுப்பதும், பிள்ளைகள் போதும் என்றால் கர்ப்பப்பையை எடுப்பதும் வழிகள். வெளியே புடைத்து, தொல்லையும் தராத கட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இது புற்றுநோயா மாறுமா?

ஃபைப்ராய்ட் புற்றுநோய் இல்லை, அப்படி மாறுவதாகவும் இல்லை. தசையிலேயே தோன்றும் ஒரு அரிய புற்றுநோய் ஃபைப்ராய்டுபோலத் தோற்றம் காட்டலாம், ஸ்கேனால் மட்டும் அதை நூறு வீதம் ஒதுக்க முடியாது. மாதவிடாய் நின்ற பிறகு ஃபைப்ராய்ட் பொதுவாகச் சுருங்கும். அந்த வயதில் வளர்ந்தாலோ, நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் வந்தாலோ தாமதிக்காமல் வாருங்கள். 45-க்கு மேல் அதிக இரத்தம், அல்லது எந்த வயதிலும் இடையிடையே இரத்தம் என்றால் ஃபைப்ராய்ட் இருந்தாலும் உட்சவ்வில் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பது வழக்கம். ஃபைப்ராய்டின் தலையில் எல்லாப் பழியையும் போட்டுவிட முடியாது. 35 வயதானவர்கள் பெண்களின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் சுவநாரி கிளினிக்குக்குப் போகும்போதே இந்தக் கதையையும் சொல்லலாம், அங்கிருந்து அனுப்புவார்கள்.

எப்போ கிளினிக் தேதி வரைக்கும் பொறுக்காம ஓடி வரணும்?

மணித்தியாலத்துக்கு ஒரு பேட் வீதம் இரண்டு மூன்று மணித்தியாலம் தொடர்ந்து நனைந்தால், எழுந்து நின்றால் கண் இருண்டால், நெஞ்சு படபடவென்று அடித்து மூச்சு வாங்கினால், அன்றைக்கே வாருங்கள். திடீரென்று ஒரு பக்கம் தாங்க முடியாத வலி வந்தாலும் அப்படித்தான். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், எவ்வளவு இரத்தம் என்று பார்த்துக்கொண்டிராமல் உடனே வாருங்கள்.

அந்த அக்காவுக்குப் பிறகு என்ன ஆச்சு?

முதலில் ஹீமோகுளோபினைக் கூட்ட வேண்டியிருந்தது; 7.4-இல் ஒப்பரேஷன் செய்ய மயக்க மருந்து டொக்டர் சம்மதிக்கவில்லை, சரியாகத்தான் சொன்னார். ட்ரனெக்ஸாமிக் அசிட், பிளேன்டீயிலிருந்து பிரித்த இரும்பு மாத்திரை, இரண்டு மாதம். ஹீமோகுளோபின் 10.6-க்கு வந்தது. அப்புறம் ஹிஸ்டரோஸ்கொபியில் அந்த 1.9 சென்டிமீட்டர் கட்டியைச் சீவி எடுத்தார்கள். அடுத்த நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

மூன்றாம் மாதம் கிளினிக்குக்கு வந்தபோது மாதவிடாய் ஐந்து நாளுக்கு இறங்கியிருந்தது, இரத்தக்கட்டி விழுவதில்லை, அந்த மாதம் ஒரு நாள் பேரும் போகவில்லை. 6.8 சென்டிமீட்டர் கட்டி அப்படியே இருக்கிறது. வருடம் ஒரு தடவை அளந்து பார்க்கிறோம். வந்தவர் மேசையில் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "பெருசை எப்ப எடுப்பீங்க?"